எழுநூறும், நூறும் அறுநூறும்

2025 ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். கணக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரிசர்வ் வங்கியின் ரீட்டெயில் டைரக்ட் கணக்கு வழியாக அரசுப் பத்திரங்களை நேரடியாக வாங்கி வைத்திருக்கிறார். நலம் விசாரித்து முடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“ஏம்ப்பா, பிப்ரவரியில குறைச்சாங்க, ஏப்ரல்ல குறைச்சாங்க, ஜூன்ல ஒரேயடியா அரை சதவீதம் குறைச்சாங்க. வட்டி இறங்கினா பத்திர விலை ஏறும்னு நீதானே சொன்னே? எங்கிட்ட இருக்கிற நீளப் பத்திரம் வாங்கின விலைக்குக் கீழே நிக்குதே!”

அவர் சொன்னது சரிதான். அந்த ஐந்து மாதத்தில், ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 6.5-லிருந்து 5.5 சதவீதமாக இறங்கியிருந்தது. என்னென்ன வைத்திருக்கிறார் என்று கேட்டேன். எட்டு லட்சத்தில் பாதி இரண்டு ஆண்டுப் பத்திரத்திலும் மறுபாதி முப்பது ஆண்டுப் பத்திரத்திலும் இருக்கிறது என்றார். யாரோ ஒருவர் அவரிடம், “பத்து ஆண்டுப் பத்திரம் ஒன்றை மட்டும் வாங்குவதும் இதுவும் ஒரே டியூரேஷன்தான், ஆனால் இதில் கான்வெக்ஸிட்டி கூடுதல், எந்தப் பக்கம் வட்டி போனாலும் உங்களுக்கே லாபம்” என்று சொல்லியிருக்கிறார்.

அந்த வாக்கியத்தில் முதல் பாதி உண்மை, நடுப்பகுதியும் உண்மை. கடைசிப் பகுதி ஒரு நிபந்தனையோடு மட்டுமே உண்மை, அந்த நிபந்தனையைத்தான் யாரும் அவரிடம் சொல்லவில்லை. கடன் சந்தையிலேயே பல வருடம் வேலை பார்ப்பவன் என்பதால், இதை முழுசாக எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பெயர்களை முதலில் பார்த்துவிடலாம். ஒரு பத்திரத்தை இன்றைய விலைக்கு வாங்கினால் ஆண்டுக்குக் கிடைக்கும் வருவாய் விகிதம் யீல்டு. யீல்டு நகர்ந்தால் விலை எவ்வளவு ஆடும் என்று சொல்லும், ஆண்டுகளில் அளக்கும் எண் டியூரேஷன். எல்லாப் பணத்தையும் ஒரே முதிர்வுக் காலத்தைச் சுற்றிப் போட்டால் அது புல்லட். குறுகிய காலத்தில் கொஞ்சம், மிக நீண்ட காலத்தில் கொஞ்சம், நடுவில் ஒன்றும் இல்லை என்றால் அது பார்பெல். உடற்பயிற்சிக் கூடத்தில் இரண்டு முனையிலும் எடை மாட்டிய கம்பி இருக்குமே, அதிலிருந்து வந்த பெயர். எனக்கென்னவோ பழைய துலாக்கோல்தான் சரியான உவமை என்று தோன்றும். கனமான பொருள் பிடிக்குப் பக்கத்தில் தொங்கும். லேசான எடைக்கல் தூரத்தில் நிற்கும். அப்படியும் கோல் சமமாக நிற்கும்.

கணக்கு எளிதாக இருக்க, இடையில் கூப்பன் என்ற வட்டி எதுவும் தராமல் முதிர்வில் மொத்தமாகப் பணம் தரும் பத்திரங்களை எடுத்துக்கொள்கிறேன். இவற்றுக்கு டியூரேஷனும் முதிர்வுக் காலமும் ஒன்றே. கையில் ஏழு லட்சம் ரூபாய். புல்லட் என்றால் ஏழு லட்சமும் பத்து ஆண்டுப் பத்திரத்தில். பார்பெல் என்றால் இரண்டு ஆண்டுப் பத்திரத்தில் ஐந்து லட்சம், முப்பது ஆண்டுப் பத்திரத்தில் இரண்டு லட்சம். பத்தைப் பிடியாக வைத்துப் பாருங்கள். இரண்டு, பத்திலிருந்து எட்டு ஆண்டு தள்ளி இருக்கிறது. முப்பது, இருபது ஆண்டு தள்ளி. ஐந்தெட்டு நாற்பது, ஈரிருபது நாற்பது. கோல் சமம். பார்பெலின் சராசரி டியூரேஷனும் பத்துதான்.

இப்போது மூன்று பத்திரங்களின் யீல்டும் ஒரே நேரத்தில் ஒரே அளவு நகர்ந்தால் என்ன ஆகும்? d என்பது யீல்டு நகரும் அளவு. கணினியில் விரிதாள் வைத்திருப்பவர்கள், d இருக்கும் இடத்தில் 1 சதவீத ஏற்றத்துக்கு 0.01, இறக்கத்துக்கு -0.01 என்று போட்டு இதைத் தட்டிப் பார்க்கலாம்:

```
=700000*EXP(-10*d)
=500000*EXP(-2*d)+200000*EXP(-30*d)
```

யீல்டு 1 சதவீதம் ஏறினால் புல்லட் ₹6,33,386-க்கு இறங்குகிறது. பார்பெலும் இறங்குகிறது, ஆனால் ₹6,38,263-இல் நின்றுவிடுகிறது. அதுவே 1 சதவீதம் இறங்கினால் புல்லட் ₹7,73,620, பார்பெல் ₹7,80,072. ஏறினாலும் இறங்கினாலும் பார்பெல் ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய் முன்னால் நிற்கிறது. சித்தப்பாவிடம் சொல்லப்பட்ட கான்வெக்ஸிட்டி இதுதான்.

இது எங்கிருந்து வருகிறது என்பதை, நகர்வுக்குப் பிறகு டியூரேஷனை இன்னொரு முறை கணக்கிட்டுப் பார்த்தால் கண்கூடாகத் தெரியும். யீல்டு 1 சதவீதம் ஏறியதும் முப்பது ஆண்டுப் பத்திரத்தின் மதிப்பு ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போய்விட்டது. குறுகிய பத்திரம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆகவே தொகுப்பில் நீளப் பத்திரத்தின் பங்கு சுருங்கி, பார்பெலின் டியூரேஷன் பத்திலிருந்து 8.5-ஆகக் குறைந்துவிடுகிறது. அடி விழ விழ அடிபடும் பரப்பு குறைகிறது. யீல்டு இறங்கும்போது இதற்கு நேர்மாறாக, நீளப் பத்திரம் பெருத்து டியூரேஷன் 11.7-ஆக ஏறிவிடுகிறது. லாபம் வரும் பக்கம் பார்த்துத் தானாகவே கை நீளுகிறது. புல்லட்டில் இருப்பது ஒரே ஒரு தேதி. அதன் பத்து, பத்தாகவே இருக்கும்.

பணம் வரும் தேதிகள் ஒன்றையொன்று விட்டு எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு கான்வெக்ஸிட்டி. நம் உதாரணத்தில் புல்லட்டுக்கு 100 (பத்தின் வர்க்கம்), பார்பெலுக்கு 260. வித்தியாசம் 160. இதில் கவனிக்க வேண்டியது, இந்த லாபம் நகர்வின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது. 1 சதவீதம் ஏறியபோது முன்னிலை ₹4,877 என்று பார்த்தோம். நகர்வு கால் சதவீதமாகக் குறைந்தால் முன்னிலையும் கால்வாசியாகத்தானே குறைய வேண்டும்? இல்லை, அது ₹338 மட்டுமே. ஏழு லட்சத்துக்கு முந்நூற்றுச் சொச்சம். பெரிய நகர்வு வராத வருடத்தில் கான்வெக்ஸிட்டி கிட்டத்தட்ட ஒன்றுமே தருவதில்லை.

ஆனால் அதற்கான விலையை ஒவ்வொரு நாளும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு ஆண்டு யீல்டு 6, பத்து ஆண்டு 6.5, முப்பது ஆண்டு 7 சதவீதம் என்று ஒரு சாதாரண கர்வை, அதாவது முதிர்வுக் காலம் நீள நீள யீல்டு எப்படி மாறுகிறது என்று காட்டும் கோட்டை, வைத்துக்கொள்வோம். புல்லட் ஓர் ஆண்டில் ஏழு லட்சத்துக்கு ₹45,500 சம்பாதிக்கும். பார்பெலில் ஐந்து லட்சத்துக்கு ₹30,000, இரண்டு லட்சத்துக்கு ₹14,000, ஆக ₹44,000. ஆண்டுக்கு ₹1,500 குறைவு. யீல்டு மொத்தமாக அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே நகர்ந்தால்தான் கான்வெக்ஸிட்டி இந்த ₹1,500-ஐத் திருப்பித் தரும்.

இதோடு முடியவில்லை. ஓர் ஆண்டு போனால் பத்து ஆண்டுப் பத்திரம் ஒன்பது ஆண்டுப் பத்திரமாகிவிடும். கர்வ் அப்படியே இருந்தால் ஒன்பதுக்கு யீல்டு கொஞ்சம் குறைவு, ஆகவே விலை கொஞ்சம் ஏறும். ரோல்-டவுன் என்று சந்தையில் சொல்வது இதைத்தான். பார்பெலுக்கும் இது உண்டு. ஆனால் முப்பதைச் சுற்றிக் கர்வ் தட்டையாக இருப்பதால் அதிகம் கிடைக்காது. குறுகிய பத்திரம் சரிவில் இருந்தாலும், மிச்சமுள்ள காலம் ஓர் ஆண்டுதான் என்பதால் விலையில் பெரிதாகத் தெரியாது. இதையும் சேர்த்தால் இடைவெளி ₹1,500-லிருந்து சுமார் ₹3,700 ஆகிறது. அதை ஈடுகட்ட ஆண்டில் 0.8 சதவீத நகர்வு வேண்டும். சந்தையில் கான்வெக்ஸிட்டி இலவசமாகக் கிடைப்பதில்லை. எவ்வளவு ஆட்டம் வரும் என்று சந்தை எதிர்பார்க்கிறதோ, அதற்கு ஏற்ற விலை ஏற்கெனவே கர்வின் வளைவுக்குள் இருக்கிறது.

இங்கே ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதில் விழுந்திருக்கிறேன். பார்பெலின் பணவரவுகளை எல்லாம் ஒன்றாக வைத்து, ஒரே தொகுப்பு என்று நினைத்து முதிர்வு யீல்டு கண்டுபிடித்தால் என்ன வரும் தெரியுமா? ஏறத்தாழ 6.86 சதவீதம். புல்லட்டின் 6.5-ஐ விட அதிகம்! கான்வெக்ஸிட்டியும் கூடுதல், யீல்டும் கூடுதல் என்று ஒரு தாளில் எழுதி மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, “தம்பி, ஒரு வருஷத்துல எவ்வளவு ரூபாய் வரும்னு மட்டும் எழுதிட்டு வாங்க” என்றார். ரூபாயில் எழுதினால் 44,000. ஏழு லட்சத்துக்கு அது 6.29 சதவீதம்.

6.86 எப்படி வந்தது? முதிர்வு யீல்டு, போட்ட பணத்தின் அளவை மட்டும் பார்த்துச் சராசரி எடுப்பதில்லை. பணம் எவ்வளவு காலம் தங்குகிறது என்பதையும் சேர்த்துப் பெருக்கிக்கொள்கிறது. முப்பது ஆண்டு தங்கும் இரண்டு லட்சத்தின் குரல் அங்கே மிகப் பெரியது. இரண்டு ஆண்டில் திரும்பிவரும் ஐந்து லட்சத்தை மறுபடியும் அதே 6.86-க்குப் போட்டுவிடலாம் என்று அந்தக் கணக்கு சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு வட்டி என்னவாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே இரண்டு தொகுப்புகளை ஒப்பிடும்போது முதிர்வு யீல்டை விட்டுவிட்டு, ஒவ்வொரு பத்திரத்திலும் போட்ட ரூபாயை அதன் யீல்டால் பெருக்கிக் கூட்டுங்கள். இன்றைய தேதிக்குப் பணம் எந்த வேகத்தில் சேர்கிறது என்பது அதில்தான் தெரியும்.

சரி, சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். இதுவரை பார்த்தது எல்லாமே மூன்று யீல்டும் ஒன்றாக, ஒரே அளவு நகரும் என்ற நிபந்தனையில். நிஜத்தில் அப்படி நகரும் நாள் அரிது. ரெப்போ விகிதம் கையில் பிடித்திருப்பது கர்வின் குறுகிய முனையைத்தான். நீள முனையை வேறு ஆட்கள் இழுக்கிறார்கள்: ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களும் ஓய்வூதிய நிதிகளும் வாங்குவது, மத்திய அரசும் மாநிலங்களும் நீண்ட காலத்துக்குக் கடன் வாங்குவது, பணவீக்கம் பற்றிய பயம்.

இதைப் பார்க்க டியூரேஷன் என்ற ஒற்றை எண் போதாது. அதை இடம் இடமாகப் பிரிக்க வேண்டும். யீல்டு ஒரு பேசிஸ் பாயிண்ட், அதாவது 0.01 சதவீதம், நகர்ந்தால் எத்தனை ரூபாய் ஆடும் என்று கேட்டுப் பாருங்கள். புல்லட்டுக்கு விடை ₹700, அது முழுவதும் பத்து ஆண்டுப் புள்ளியில் உட்கார்ந்திருக்கிறது. பார்பெலுக்கும் மொத்தம் ₹700-தான். ஆனால் அதில் ₹100 இரண்டு ஆண்டுப் புள்ளியில், ₹600 முப்பது ஆண்டுப் புள்ளியில். பத்து ஆண்டுப் புள்ளியில் பூஜ்யம்.

இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும், பார்பெல், புல்லட் பற்றிய பெரும்பாலான கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். பணத்தைப் பார்த்தால் பார்பெலின் பெரும்பகுதி, ஏழில் ஐந்து பங்கு, குறுகிய பத்திரத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆபத்தைப் பார்த்தால் ஏழில் ஆறு பங்கு முப்பது ஆண்டு முனையில் இருக்கிறது. “ரெண்டு பக்கமும் சமமாக வைத்திருக்கிறேன்” என்று நினைப்பவர் உண்மையில் பத்து ஆண்டை விட்டுவிட்டு முப்பது ஆண்டைப் பிடித்திருக்கிறார்.

2025-இல் நடந்ததை இதில் வைத்துப் பார்ப்போம். ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போவை அரை சதவீதம் குறைத்தது, வங்கிகளின் ரொக்க இருப்பு விகிதத்தையும் 1 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. ஆனால் அதே அறிவிப்பில் தன் நிலைப்பாட்டை நடுநிலைக்கு மாற்றியது. இனிமேல் குறைக்க அதிக இடமில்லை என்று சந்தை அதைப் புரிந்துகொண்டது. குறுகிய யீல்டுகள் இறங்கின, நீண்டவை ஏறின. கர்வ் செங்குத்தாகியது. நம் ஏழு லட்சக் கணக்குக்காக, இரண்டு ஆண்டு யீல்டு 0.90 இறங்கியது, பத்து ஆண்டு இருந்த இடத்திலேயே இருந்தது, முப்பது ஆண்டு 0.25 ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய பத்திரத்தில் லாபம் சுமார் ₹9,080. நீளப் பத்திரத்தில் நட்டம் சுமார் ₹14,450. புல்லட் அசையவே இல்லை. பார்பெல் ₹5,370 பின்னால் போய்விட்டது.

குறுகிய முனை நகர்ந்தது 0.90, நீள முனை நகர்ந்தது வெறும் 0.25. ஆனாலும் நீள முனைதான் ஜெயித்தது. தொண்ணூறை நூறால் பெருக்குவதைவிட இருபத்தைந்தை அறுநூறால் பெருக்குவது பெரியது, அவ்வளவுதான். மூன்று யீல்டும் சேர்ந்து கால் சதவீதம் நகர்ந்திருந்தால் கான்வெக்ஸிட்டி தந்திருக்கக்கூடிய ₹338-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதாரண ஒரு வருடத்தில் கர்வின் வடிவம் மாறுவதுதான் பார்பெலின் விதியை எழுதுகிறது. கான்வெக்ஸிட்டி அதில் ஒரு சின்ன அடிக்குறிப்பு. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், விற்பவர்கள் அந்த அடிக்குறிப்பை மட்டும் பெரிய எழுத்தில் போடுகிறார்கள் என்பதுதான்.

இதே கணக்கு பார்பெலுக்குச் சாதகமாகவும் திரும்பும். 2022 மே மாதத் தொடக்கத்தில் ரெப்போ 4 சதவீதத்தில் இருந்தது, டிசம்பருக்குள் 6.25-க்கு ஏறிவிட்டது. பத்து ஆண்டு யீல்டு அந்த வருடத்தைச் சுமார் 6.45-இல் தொடங்கி 7.3-ஐ ஒட்டி முடித்தது. குறுகிய முனை மிக அதிகமாகவும் நீள முனை குறைவாகவும் ஏறி, கர்வ் தட்டையானது. இரண்டு ஆண்டு 2 சதவீதம், பத்து ஆண்டு 0.9, முப்பது ஆண்டு 0.4 ஏறியது என்று போட்டால், புல்லட்டில் நட்டம் சுமார் ₹60,000. பார்பெலில் சுமார் ₹42,000. அந்த ₹18,000 இடைவெளியை அப்போது நிறையப் பேர் கான்வெக்ஸிட்டியின் பெருமை என்று பேசினார்கள். அதில் பெரும்பங்கு கர்வ் தட்டையானதால் வந்தது.

நீள முனையில் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நாள் உண்டு. 2001 அக்டோபர் 31 அன்று அமெரிக்க நிதித்துறை, இனி முப்பது ஆண்டுப் பத்திரம் வெளியிடப்போவதில்லை என்று அறிவித்தது. அன்று ஒரே நாளில் முப்பது ஆண்டு யீல்டு ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது, பத்து ஆண்டு அதைவிடக் குறைவாகவே இறங்கியது. பார்பெல் வைத்திருந்தவர்களுக்கு அது நல்ல நாள். அவர்களின் ஆய்வுக்கும் அந்த லாபத்துக்கும் சம்பந்தம் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. முப்பதைப் பிடித்திருந்தார்கள், முப்பது நகர்ந்தது. 2006 பிப்ரவரியில் அந்தப் பத்திரம் திரும்பவும் ஏலத்துக்கு வந்தது.

யீல்டு பெரிதாக நகர்ந்த பிறகு பார்பெலின் டியூரேஷன் 8.5-ஆகவோ 11.7-ஆகவோ மாறிவிடும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதை மீண்டும் பத்துக்குக் கொண்டுவராவிட்டால், கான்வெக்ஸிட்டி தந்த லாபத்தைச் சந்தை அடுத்த சுற்றில் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். விலை ஏறிய நீளப் பத்திரத்தில் கொஞ்சம் விற்று, இறங்கும்போது கொஞ்சம் வாங்கினால்தான் அந்த லாபம் கைக்கு வரும். சிறு முதலீட்டாளருக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: பழைய நீளப் பத்திரங்களைச் சிறு அளவில் விற்கப் போனால் நல்ல விலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். சில ஆயிரம் ரூபாய் கான்வெக்ஸிட்டி லாபம் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலேயே கரைந்துவிடும்.

இந்த எண்களை அப்படியே கூப்பன் பத்திரங்களுக்குப் பொருத்தக் கூடாது. 7 சதவீதக் கூப்பன் தரும் முப்பது ஆண்டுப் பத்திரத்தின் டியூரேஷன் முப்பது அல்ல, சுமார் 12.5. பத்து ஆண்டுக்குச் சுமார் 7.3. இரண்டு ஆண்டுக்கு 1.9-க்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே சமன் செய்ய ஐந்துக்கு இரண்டு என்ற விகிதம் தேவைப்படாது, ஏறக்குறையப் பாதிக்குப் பாதி போதும். கான்வெக்ஸிட்டி வித்தியாசமும் 160-லிருந்து கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். வருவாய் இடைவெளியையும் புதிதாகத்தான் கணக்கிட வேண்டும்.

அன்று போனில் சித்தப்பாவை நோட்டுப் புத்தகம் எடுத்துவரச் சொன்னேன். நாலு லட்சம் முப்பது ஆண்டுப் பத்திரம்: ஒரு பேசிஸ் பாயிண்டுக்கு ₹500. நாலு லட்சம் இரண்டு ஆண்டுப் பத்திரம்: ஏறக்குறைய ₹75. அவரே பெருக்கினார். நீளத்தில் இருபத்தைந்து ஏறினால் ₹12,500 போகிறது. குறுகியதில் தொண்ணூறு இறங்கினால் ₹6,750 வருகிறது. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“அப்போ நான் வட்டி குறையும்னு பந்தயம் கட்டலை. நீளப் பத்திரத்து மேல கட்டியிருக்கேன்.”

“ஆமா சித்தப்பா.”

“எனக்கு இந்தப் பணம் பேத்தி காலேஜ் போறப்போ வேணும். இன்னும் பத்து வருஷம் இருக்கு.”

பத்தாவது வருடத்தில் பணம் வேண்டும் என்பவருக்கு, பத்தாவது வருடத்தில் முதிரும் பத்திரம் எந்தக் கர்வ் எப்படி வளைந்தாலும் அதன் முகமதிப்பைக் கையில் கொடுத்துவிடும். இடையில் வரும் கூப்பனை என்ன வட்டிக்குத் திரும்பப் போடுவது என்பது மட்டும்தான் மிச்சம் இருக்கும் கேள்வி. பார்பெல் வைத்திருப்பவர் அதே தேதியில், இன்னும் இருபது ஆண்டு பாக்கி இருக்கும் ஒரு பத்திரத்தை அன்றைய விலைக்கு விற்க வேண்டும். குறுகிய பத்திரத்தை அதற்குள் நாலைந்து முறை புதுப்பித்திருக்க வேண்டும். இதைச் சொன்னேன். இரண்டு ஆண்டுப் பத்திரம் முதிர்ந்ததும் அந்த நாலு லட்சத்தைப் பேத்தியின் தேதிக்குப் பக்கத்தில் முதிரும் பத்திரத்தில் போடுவதாகவும், நீளத்தை என்ன செய்வதென்று விலை பார்த்து முடிவு செய்வதாகவும் சொன்னார்.

மறுநாள் காலையில் வாட்ஸாப்பில் நோட்டுப் பக்கத்தின் படம் வந்தது. ஒவ்வொரு பத்திரத்தின் பெயருக்கும் நேரே சிவப்பு மையில் ஒரு புது எண்: 75, 500. கீழே அவர் வாங்கலாமா என்று யோசிக்கும் ஒரு பத்து ஆண்டுப் பத்திரம், நாலு லட்சத்துக்கு. அதற்கு நேரே 292 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். கணக்கு சரியாக இருந்தது.